பன்னிரண்டு பேரைக் கேட்டு நூற்றெண்பது பேரைப் பற்றிப் பேசுவது: நம்பிக்கை இடைவெளி

ஒரு மேல்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாம் வகுப்பில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 45 பேர், மொத்தம் 180 மாணவர்கள். பள்ளி நேரமும் டியூஷன் நேரமும் போக, இவர்கள் வீட்டில் உட்கார்ந்து வாரத்துக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள்? இதுதான் கேள்வி. 180 பேரையும் கேட்க நேரமில்லை. அதனால் வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்களுக்கு 1 முதல் 180 வரை எண் கொடுத்து, சீட்டுக் குலுக்கி 12 பேரை எடுக்கிறோம். அந்த 12 பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, போன வாரம் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்கிறோம். பதில்கள் இப்படி வருகின்றன:

12, 9, 16, 6, 13, 11, 18, 10, 14, 8, 15, 12

(கையால் கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று நான் அமைத்துக்கொண்ட எண்கள் இவை. உண்மையான பதில்கள் இவ்வளவு ஒழுங்காக வராது. அது பின்னால் வரும்.)

கூட்டினால் 144. 12 ஆல் வகுத்தால் சராசரி 12 மணி நேரம். அந்தப் பன்னிரண்டு பேரைப் பொறுத்தவரை இந்த எண்ணில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் நாம் கேட்டது அவர்களைப் பற்றி அல்ல, 180 பேரைப் பற்றி. மறுபடி சீட்டுக் குலுக்கினால் வேறு 12 பேர் வருவார்கள், சராசரி 11.3 என்று வரலாம். இன்னொரு முறை குலுக்கினால் 13.1 ஆகலாம். 180 பேரின் சராசரி ஒன்றே ஒன்றுதான், அது அசையாமல் நிற்கிறது. நமக்குக் கிடைக்கும் சராசரிதான் குலுக்கலுக்குக் குலுக்கல் மாறுகிறது. நம் கையில் இருப்பதோ ஒரே ஒரு குலுக்கல். அந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, நம் 12 என்ற எண் உண்மையான சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கக்கூடும் என்று சொல்ல முடியுமா? முடியும். அப்படிச் சொல்லும் வழிதான் நம்பிக்கை இடைவெளி.

ஒரு பானைச் சோறு

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோற்றைப் பொறுத்தவரை அது சரி. ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே தீ. பருக்கைக்குப் பருக்கை பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தாலே போதும். மாணவர்கள் அப்படி இல்லை. ஒருவர் 6 மணி நேரம் என்கிறார், இன்னொருவர் 18 என்கிறார். 6 சொன்னவரை மட்டும் கேட்டிருந்தால் ஒரு முடிவுக்கு வந்திருப்போம், 18 சொன்னவரைக் கேட்டிருந்தால் அதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்திருப்போம்.

ஆக, குலுக்கி எடுத்த 12 பேர் என்ற நம் மாதிரியின் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. ஆளுக்கு ஆள் பதில் எவ்வளவு மாறுகிறது என்பது ஒன்று. எத்தனை பேரைக் கேட்டோம் என்பது இன்னொன்று. மாற்றம் அதிகமானால் நம்பகம் குறையும், ஆட்கள் அதிகமானால் நம்பகம் கூடும். இந்த இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் மாற்றத்தை அளப்போம். ஒவ்வொரு பதிலும் சராசரியான 12-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 18 சொன்னவர் 6 மேலே, 6 சொன்னவர் 6 கீழே, 9 சொன்னவர் 3 கீழே. இவற்றை அப்படியே கூட்டினால் மேலேயும் கீழேயும் அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் வரும். எனவே ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். பன்னிரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகை 132. இதை 11 ஆல் வகுத்தால் 12. அதன் வர்க்கமூலம் 3.46. இதுதான் திட்ட விலக்கம். ஒரு மாணவரின் பதில் சராசரியிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரம் விலகுவது இங்கே சகஜம் என்று அதைப் படிக்கலாம்.

12 பேர் இருக்க, ஏன் 11 ஆல் வகுத்தோம்? விலகல்களை அளந்தது இதே 12 பேரின் சராசரியிலிருந்து. அந்தச் சராசரி இந்த எண்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால், விலகல்கள் உண்மையில் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் சிறிதாகவே வரும். 180 பேரின் சராசரியிலிருந்து அளந்திருந்தால் கூட்டுத்தொகை 132-க்கு மேல்தான் போயிருக்கும், கீழே இறங்கியிருக்காது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வகுக்கும் எண்ணில் ஒன்றைக் குறைக்கிறோம்.

அடுத்து ஆட்களின் எண்ணிக்கை. திட்ட விலக்கத்தை, கேட்டவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 12-இன் வர்க்கமூலமும் 3.46. எனவே 3.46 / 3.46 = 1. இந்த 1 மணி நேரத்துக்குத் திட்டப் பிழை என்று பெயர். பெயரில் பிழை இருப்பதால் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று பொருளில்லை. சீட்டுக் குலுக்கும்போது எந்தப் பன்னிரண்டு பேர் வந்தார்கள் என்ற அதிர்ஷ்டத்தால் மட்டுமே நம் சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு அது.

12 ஆல் வகுக்காமல் ஏன் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம்? பன்னிரண்டு பேரின் மணி நேரங்களைக் கூட்டும்போது, அதிகம் படிப்பவரும் குறைவாகப் படிப்பவரும் ஒருவரையொருவர் ஓரளவு சமன் செய்கிறார்கள். அதனால் கூட்டுத்தொகையின் ஆட்டம் 12 மடங்கு பெருகுவதில்லை, வர்க்கமூலம் 12 மடங்குதான், அதாவது சுமார் மூன்றரை மடங்குதான் பெருகுகிறது. அதைச் சராசரிக்காக 12 ஆல் வகுத்தால், மீதி நிற்பது வர்க்கமூலம் 12 ஆல் வகுத்ததற்குச் சமம். இதில் நமக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. பன்னிரண்டு பேரை மட்டும் கேட்டும் ஒரு மணி நேரம் அளவுக்கு நெருங்கிவிட்டோம் என்பது சாதகம். அதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் 24 பேர் போதாது, 48 பேர் வேண்டும் என்பது பாதகம்.

இடைவெளி போடுவது

இப்போது கையில் சராசரி 12, திட்டப் பிழை 1. சராசரியிலிருந்து இரண்டு பக்கமும் சில திட்டப் பிழைகள் தூரம் போனால் இடைவெளி கிடைத்துவிடும். எத்தனை திட்டப் பிழைகள் என்பதுதான் மிச்சம்.

வழக்கமாகப் போடுவது 95 சதவீத இடைவெளி, அந்த 95-இன் பொருள் பின்னால் வரும். அதற்குப் பலர் மனப்பாடமாக வைத்திருக்கும் விடை 1.96. பெரிய மாதிரிகளுக்கு அது சரியாக வரும். 12 பேருக்குச் சரியாக வராது. காரணம், திட்ட விலக்கமான 3.46-ஐயும் நாம் இதே 12 பேரிடமிருந்துதான் எடுத்தோம். 180 பேரின் உண்மையான திட்ட விலக்கம் 4 ஆக இருக்கலாம், 3 ஆகவும் இருக்கலாம். சராசரியும் ஊகம், அதன் ஆட்டத்தை அளக்கும் கோலும் ஊகம். இந்த இரட்டை ஊகத்துக்காக இடைவெளியைக் கொஞ்சம் அகலமாக்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு அகலமாக்குவது என்ற கணக்கைப் போட்டவர் வில்லியம் சீலி காசெட். அயர்லாந்தின் டப்ளின் நகரில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியையும் மற்ற மூலப்பொருள்களையும் சோதிக்கும்போது அவருக்குக் கிடைத்ததெல்லாம் நான்கைந்து அளவுகள்தான், நூற்றுக்கணக்கில் சோதிக்க வழியில்லை. 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இன்றைய டி பரவல் பிறந்தது. கணக்கை மட்டும் நம்பி அவர் விட்டுவிடவில்லை. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் ஏற்கெனவே அளந்து பதிவு செய்யப்பட்டிருந்தன. அவற்றை அட்டைத் துண்டுகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் எடுத்து, தன் சூத்திரம் சொல்வதும் அட்டைகள் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார். கணினி இல்லாத காலத்தில் கையால் செய்த சிமுலேஷன் என்றே இதைச் சொல்லலாம்.

1.96-க்குப் பதிலாக எந்த எண்ணை எடுப்பது என்று சொல்வதுதான் அந்தப் பரவலிலிருந்து வந்த டி அட்டவணை. அதில் எந்த வரிசையைப் பார்க்க வேண்டும் என்பதற்கு விதி எளிது: கேட்டவர்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைவு. நமக்கு 11. அந்த வரிசையில் 95 சதவீதத்துக்கான எண் 2.201. நான்கே பேரைக் கேட்டிருந்தால் 3.182 ஆகியிருக்கும். ஆட்கள் கூடக்கூட அது இறங்கி 1.96-ஐ நெருங்கிவிடும்.

இனி கணக்கு ஒரு வரிதான். 2.201 × 1 = 2.2. சராசரியிலிருந்து 2.2 கழித்தால் 9.8, கூட்டினால் 14.2. அவ்வளவுதான். வாராந்தரப் படிப்பு நேரத்தின் சராசரிக்கு 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 9.8 மணி நேரம் முதல் 14.2 மணி நேரம் வரை.

எக்செல்லில் போடுபவர்கள் பதில்களை A1 முதல் A12 வரை எழுதிவிட்டு இந்த இரண்டு வரிகளைக் கொடுத்தால் போதும்:

```
=AVERAGE(A1:A12)
=CONFIDENCE.T(0.05, STDEV.S(A1:A12), 12)
```

முதல் வரி 12 தரும், இரண்டாவது வரி 2.2 தரும். பட்டியலில் பக்கத்திலேயே CONFIDENCE.NORM என்று ஒன்று இருக்கும். தவறி அதைத் தேர்ந்தெடுத்தால் 1.96 வரும், இடைவெளி 10.04 முதல் 13.96 வரை என்று சற்று ஒடுங்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் 12 பேர் உள்ள மாதிரிக்கு அது 95 சதவீத இடைவெளி அல்ல, சுமார் 92 சதவீத இடைவெளிதான். அதேபோல STDEV.S இருக்க வேண்டிய இடத்தில் STDEV.P போட்டால் 11-க்குப் பதில் 12 ஆல் வகுத்துவிடும்.

95 யாருக்குச் சொந்தம்

இடைவெளி போடுவது சுலபம், அதை வாசிப்பதில்தான் வழுக்கல். “180 பேரின் சராசரி 9.8-க்கும் 14.2-க்கும் இடையில் இருப்பதற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு” என்று சொல்லத்தான் எல்லோருக்கும் வாய் வரும். பாடம் நடத்துபவர்களே அப்படிச் சொல்வதுண்டு. இந்தக் கோட்பாடு அப்படிச் சொல்லவில்லை.

ஏன் என்று பார்க்க ஒரு விளையாட்டு ஆடலாம். தலைமையாசிரியர் 180 பேரிடமும் ரகசியமாகக் கேட்டு வைத்திருக்கிறார், உண்மையான சராசரி 12.7 என்று அவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 பதில்களையும் சீட்டில் எழுதி ஒரு பெட்டியில் போடுகிறார். பிறகு 40 மாணவர்களை ஒவ்வொருவராக அழைக்கிறார். ஒவ்வொருவரும் 12 சீட்டு எடுத்து, எண்களைக் குறித்துக்கொண்டு, சீட்டுகளைத் திரும்பப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். அப்புறம் மேலே நாம் போட்ட அதே கணக்கைப் போட்டுத் தன் இடைவெளியைத் தாளில் எழுத வேண்டும்.

நாற்பது தாள்களிலும் நாற்பது விதமான இடைவெளிகள் இருக்கும். ஒருவருடையது 9.8 முதல் 14.2 வரை. இன்னொருவருடையது 11.5 முதல் 15 வரை. வேறொருவருக்கு அதிர்ஷ்டம் போதாமல், குறைவாகப் படிப்பவர்களின் சீட்டுகளாகவே வந்து, 7.9 முதல் 12.1 வரை என்று அமைந்துவிடும். தலைமையாசிரியர் ஒவ்வொரு தாளாக வாங்கி 12.7 உள்ளே இருக்கிறதா என்று பார்க்கிறார். சுமார் 38 தாள்களில் இருக்கும், இரண்டில் இருக்காது. இது ஒவ்வொரு முறையும் மிகச் சரியாக 38 என்று வராது. 37 வரலாம், 40-உம் வரலாம். விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் நூற்றுக்கு 95 என்ற விகிதத்தில் வந்து நிற்கும்.

ஆகவே 95 என்பது இடைவெளி போடும் முறைக்குச் சொந்தமான எண். அந்த முறையால் செய்த இடைவெளிகளில் நூற்றுக்கு 95 உண்மையைப் பிடிக்கும். தனியாக ஒரு தாளை எடுத்து நீட்டினால், அதில் 12.7 இருக்கும் அல்லது இருக்காது. ஏற்கெனவே முடிந்துபோன விஷயம் அது. தவறவிட்ட அந்த இரண்டு பேரின் தாளையும் பாருங்கள், கணக்கில் ஒரு பிசகும் இருக்காது. தாங்கள் தவறவிட்டதைக் கண்டுபிடிக்க அவர்கள் கையில் எந்த அடையாளமும் இல்லை. நாமும் அந்த நாற்பது பேரில் ஒருவர்தான். நாம் 38 பேரில் ஒருவரா, இரண்டு பேரில் ஒருவரா என்பது நமக்குத் தெரியாது. பெரும்பாலோர் பிடிக்கும் முறையைத்தான் நாமும் பயன்படுத்தியிருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். போலந்து வழிவந்த புள்ளியியலாளர் நேமன் 1937-இல் இந்தக் கோட்பாட்டை விரிவாக எழுதியபோது வலியுறுத்தியதும் முறையின் இந்த நீண்டகால நடத்தையைத்தான்.

இதெல்லாம் வார்த்தை விளையாட்டாகத் தோன்றலாம். அன்றாட வேலைக்கு அவ்வளவு கறாராக இருக்கத் தேவையில்லை என்பதுதான் என் எண்ணமும். ஆனால் ஒன்றை மட்டும் விடக்கூடாது. 95 சதவீதம் என்றால் தவறுவதற்கும் இடம் உண்டு. ஒரு பள்ளியில் இருபது கேள்விகளுக்கு இப்படி இருபது இடைவெளிகள் போட்டால், ஒன்றாவது உண்மையைத் தவறவிட்டிருந்தால் ஆச்சரியப்படக் கூடாது.

தவறும் வாய்ப்பைக் குறைக்கலாமே என்றால், குறைக்கலாம். 99 சதவீதத்துக்கு அட்டவணையில் 3.106 என்று இருக்கும். இடைவெளி 8.9 முதல் 15.1 வரை விரியும். 90 சதவீதம் போதும் என்றால் 1.796, இடைவெளி 10.2 முதல் 13.8 வரை சுருங்கும். இந்த மூன்றும் ஒரே 12 பேரின் பதில்களிலிருந்து வந்தவை. புதிய தகவல் எதுவும் சேரவில்லை. உண்மையைப் பிடிக்கும் உறுதியைக் கூட்டினால் அகலமும் கூடியே தீரும்.

இன்னொரு தவறான வாசிப்பும் உண்டு. பெரும்பாலான மாணவர்கள் 9.8 முதல் 14.2 மணி நேரம் வரை படிக்கிறார்கள் என்று சிலர் எடுத்துக்கொள்வார்கள். நம் பன்னிரண்டு பதில்களையே எண்ணிப் பாருங்கள். 10, 11, 12, 12, 13, 14 ஆகிய ஆறுதான் அந்த எல்லைக்குள் இருக்கின்றன. மீதி ஆறும் வெளியே. இடைவெளி சராசரி எங்கே இருக்கும் என்பதைப் பற்றியது, ஒவ்வொரு மாணவரும் எங்கே இருப்பார் என்பதைப் பற்றியது அல்ல. 400 பேர் இருக்கும் பள்ளியில் 200 பேரைக் கேட்டால் இடைவெளி மிகக் குறுகலாகிவிடும், அதற்காக மாணவர்கள் எல்லோரும் ஒரே அளவு படிக்கத் தொடங்கிவிட மாட்டார்கள்.

சரி, இதை வைத்து என்ன செய்யலாம்? “எங்கள் பிள்ளைகள் வாரத்துக்குச் சராசரியாக 15 மணி நேரம் படிக்கிறார்கள்” என்று யாராவது பெற்றோர் கூட்டத்தில் சொன்னால், நம் இடைவெளி அதற்கு ஒத்துப்போகவில்லை, 15 வெளியே நிற்கிறது. 14 என்று சொல்லியிருந்தால் நம் தகவலை வைத்து மறுக்க முடியாது. அதற்காக 14 என்று நிரூபித்துவிட்டோம் என்றும் ஆகாது. 10-உம் அதே உரிமையோடு உள்ளேதான் இருக்கிறது.

ஒரே ஒரு பதில் கெட்டால்

உண்மையான பதில்கள் இவ்வளவு ஒழுங்காக வராது என்று சொன்னேன் அல்லவா? 18 என்று சொன்ன மாணவரை எடுத்துக்கொள்வோம். கேள்வியை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார் என்று வைப்போம். பள்ளியில் இருக்கும் நேரமும் படிப்புதானே என்று நினைத்து, நாளைக்கு 6 மணி வீதம் 6 நாள், ஆக 36 மணி நேரத்தையும் சேர்த்து 54 என்று சொல்லிவிட்டார். மற்ற 11 பேரின் பதிலும் அப்படியே இருக்கிறது.

சராசரி 12-இலிருந்து 15 ஆகத் தாவுகிறது. திட்ட விலக்கம் 3.46-இலிருந்து 12.6 ஆகிறது. திட்டப் பிழை 3.64. இடைவெளி சுமார் 7 முதல் 23 வரை. பன்னிரண்டில் ஒருவர் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டதில், 4.4 மணி நேர அகலம் 16 மணி நேரமாக ஊதிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்த 15 என்ற சராசரிக்கு மேலே இரண்டே மாணவர்கள்தான் இருக்கிறார்கள். ஒருவர் 16 சொன்னவர், இன்னொருவர் இந்த 54. சராசரி கூட்டத்தின் நடுவில் இல்லாமல் ஒருவரை நோக்கி இழுபட்டிருப்பது இப்படித்தான் தெரியும். கணக்கில் இறங்குமுன் பதில்களை ஒரு கோட்டின் மேல் புள்ளிகளாகக் குறித்துப் பார்த்தால் போதும். பதினொரு புள்ளிகள் 6 முதல் 16 வரை கூட்டமாக இருக்க, ஒன்று மட்டும் 54-இல் தனியாக நிற்பது கண்ணில் பட்டுவிடும். டி முறையும், பதில்கள் ஓரளவுக்கு நடுவில் குவிந்து இரு பக்கமும் சரிந்தால்தான் சிறிய மாதிரியில் ஒழுங்காக வேலை செய்யும். தனியாக நிற்கும் ஒரு புள்ளி அந்த நிபந்தனையை உடைத்துவிடுகிறது.

தனியாக நிற்பதாலேயே அதை அடித்துவிடவும் கூடாது. முதல் வேலை, அந்த மாணவரிடமே போய்க் கேட்பது. பள்ளி நேரத்தைச் சேர்த்துவிட்டேன் என்றால் 18 என்று திருத்திக்கொள்ளலாம். இல்லை, உண்மையிலேயே அவ்வளவு படித்தேன் என்றால் அந்த எண் இருக்க வேண்டியதுதான். அப்போது அந்த மாணவரைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு கணக்கையும் காட்டுவது நேர்மை. கணக்கு அழகாக வரவில்லை என்பதற்காக ஒரு பதிலைத் தூக்கிப்போட்டால், இடைவெளி குறுகும், அதற்குச் சொன்ன 95 பொய்யாகிவிடும்.

கேள்வியை எழுதும்போதே “பள்ளி, டியூஷன் இரண்டையும் தவிர்த்து, போன திங்கள் முதல் ஞாயிறு வரை” என்று தெளிவாக எழுதியிருந்தால் இந்தச் சிக்கல் அநேகமாக வந்தே இருக்காது.

இடைவெளிக்குத் தெரியாதவை

54 போன்ற தவறு பரவாயில்லை, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காட்டிக்கொடுக்காத தவறுகள்தான் ஆபத்து.

சீட்டுக் குலுக்காமல், மாலையில் நூலகத்தில் உட்கார்ந்திருந்த 12 பேரைக் கேட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி படிப்பவர்கள். பதில்கள் 17, 19, 18, 21 என்று நெருக்கமாக வரும். நெருக்கமாக வந்தால் திட்ட விலக்கம் சிறிதாகும், இடைவெளி 18 முதல் 20 வரை என்று கச்சிதமாக அமையும். முன்பு வந்த 9.8 முதல் 14.2 வரையைவிட இது எவ்வளவோ துல்லியமாகத் தோன்றும். ஆனால் 180 பேரின் சராசரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இன்னும் நூறு பேரை நூலகத்திலேயே பிடித்துக் கேட்டால் இடைவெளி மேலும் குறுகும், தவறான இடத்தில் மேலும் உறுதியாக நிற்கும். சூத்திரத்துக்குள் போவது எண்கள் மட்டும்தான். அவை யாரிடமிருந்து வந்தன என்று அதற்குத் தெரியாது.

யார் கேட்கிறார்கள் என்பதும் தெரியாது. வகுப்பாசிரியர் நேரில் நின்று கேட்டால் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று மணி நேரம் கூட்டித்தான் சொல்வார்கள். பன்னிரண்டு பேரும் மூன்று மூன்று கூட்டினால் சராசரி 15 ஆகும். திட்ட விலக்கம் துளியும் மாறாது, இடைவெளி 12.8 முதல் 17.2 வரை என்று அதே அகலத்தோடு இடம் மட்டும் பெயரும். அகலத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பெயர் எழுதாத தாளில் வாங்குவது, கேட்பவர் மதிப்பெண் போடுபவராக இல்லாமல் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே தடுத்தால்தான் உண்டு. காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கேட்டதை வைத்து ஆண்டு முழுவதற்கும் பேசுவதும் இதே வகைதான்.

எத்தனை பேரைக் கேட்பது

2.2 மணி நேரம் முன்பின் என்பது அதிகம், ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றால்? 48 பேரைக் கேட்க வேண்டும். திட்ட விலக்கம் அதே 3.46 அளவில் இருந்தால் திட்டப் பிழை 0.5, அட்டவணை எண் 2.01, முன்பின் சுமார் 1 மணி நேரம். ஆனால் 180 பேரில் 48 பேரைக் கேட்பது என்றால் கால்வாசிக்கும் மேல் கேட்டுவிட்டோம். மீதமுள்ளவர்கள் 132 பேர்தான், நமக்குத் தெரியாதது அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. சாதாரணச் சூத்திரம் பெட்டியில் சீட்டுகள் தீரவே தீராது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. அதனால் இங்கே ஒரு திருத்தம் போடலாம்: மீதமுள்ள 132-ஐ, மொத்தத்தில் ஒன்று குறைவான 179 ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.86. முன்பின் 1 மணி நேரம் என்பது 0.86 ஆகக் குறையும். 12 பேருக்கு இதே திருத்தம் 0.97 என்றுதான் வரும், விட்டுவிட்டாலும் பாதகமில்லை.

இந்தத் திருத்தத்தைக் கடைசிவரை தள்ளிப் பாருங்கள். 180 பேரையும் கேட்டுவிட்டால் மீதம் பூஜ்யம், இடைவெளியின் அகலமும் பூஜ்யம். தங்கள் வகுப்பில் உள்ள 45 பேரிடமும் கேட்டுவிட்டு, அந்த வகுப்பின் சராசரிக்கே நம்பிக்கை இடைவெளி போட்டுக் கொண்டுவரும் ப்ராஜெக்ட்கள் உண்டு. அங்கே ஊகிக்க எதுவும் மிச்சமில்லை, சராசரியை அப்படியே எழுதினால் போதும். அந்த 45 பேரை வைத்து மற்ற மூன்று பிரிவுகளையும் பற்றிப் பேச நினைத்தாலும் இடைவெளி உதவாது, ஏனென்றால் அவர்கள் குலுக்கலில் வந்தவர்கள் அல்ல, ஒரே ஆசிரியர்களிடம் ஒரே வீட்டுப்பாடத்தை வாங்கிச் செல்பவர்கள்.

அதனால் இந்தக் கணக்கை ஆரம்பிக்குமுன் பள்ளி அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிடுவது நல்லது. காலை வழிபாடு முடிந்ததும் நான்கு பிரிவுகளுக்கும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து ஐந்து நிமிடத்தில் திரும்ப வாங்க அனுமதி கிடைக்கும் என்றால், 180 பேரையும் கேட்டுவிடலாம். அப்போது டி அட்டவணை தேவையில்லை, சீட்டில் கேள்வியை எப்படி எழுதுவது என்பது மட்டும்தான் யோசிக்க வேண்டியது.